க்யூடி நீண்டது மருந்தாலா, பரம்பரையாலா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதையசைடு கலந்த மாத்திரையும், நெஞ்செரிச்சலுக்கு பான்டோப்ரசோல்-டோம்பெரிடோன் கேப்ஸ்யூலும் ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கிறார். இருமலுக்குக் கிளாரித்ரோமைசின் ஆரம்பித்த நான்காம் நாள் வாந்தி, பிறகு இரண்டு முறை மயங்கி விழுந்தார். ஐசியூவில் டோர்சாட் என்று சொல்லி மெக்னீசியம் ஏற்றினார்கள். க்யூடிசி 537, பொட்டாசியம் 2.8. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். இது மருந்தால் வந்ததா, பரம்பரையா? எனக்கும் என் எட்டு வயது மகளுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் பார்த்தால், மருந்துகளும் பொட்டாசியக் குறைவும் சேர்ந்துதான் டோர்சாட் என்னும் இந்த இதயத் துடிப்புக் கோளாறைக் கிளப்பிவிட்டன என்பதில் எனக்குப் பெரிய ஐயம் இல்லை. ஆனால் அதனாலேயே பரம்பரைக் கூறு அறவே இல்லை என்று ஆகிவிடாது. க்யூடி நீளும் இந்த நோயில் மருந்தும் பரம்பரையும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. ஒரே கணக்கில் எழுதப்படும் இரண்டு செலவுகள் என்றே அவற்றைக் கொள்ள வேண்டும். தாயாரின் இசிஜி தாளை நான் பார்க்கவில்லை. எனவே கீழே சொல்வதில் அவரைப் பற்றிய முடிவுகளை அவருடைய இதய மருத்துவர்தான் உறுதிசெய்ய வேண்டும். இதய மின்னியல் பிரிவில் இத்தகைய நோயாளிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருபவன் என்ற முறையில், எது உறுதி, எது ஊகம் என்பதைப் பிரித்துச் சொல்கிறேன்.

இதயத்தின் கீழறைத் தசையணு ஒவ்வொன்றும் துடிக்கும்போது மின்னேற்றம் பெறுகிறது. பிறகு பொட்டாசியம் அயனிகளை வெளியே விட்டு, அடுத்த துடிப்புக்காகப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இசிஜியில் க்யூ அலை தொடங்கும் இடத்திலிருந்து டி அலை முடியும் இடம் வரை உள்ள தொலைவுதான் க்யூடி. அது இந்த ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் காட்டுகிறது. பொட்டாசியம் வெளியேற முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று வேகமாகத் திறப்பது. ஹெர்க் என்ற மரபணு உருவாக்கும் புரதத்தால் ஆனது; ஹெர்க் வாயில் என்று கீழே சொல்வது இதைத்தான். மற்றொன்று மெதுவாகத் திறப்பது. ஓடும்போதும் பதறும்போதும் அட்ரினலின் ஏறினால் இது கூடுதலாக வேலை செய்யும். ஒரு வழி கொஞ்சம் அடைபட்டாலும் மற்றது ஈடுசெய்துவிடுவதால், ஆரோக்கியமான இதயத்தில் ஒரே ஒரு மருந்து பெரும்பாலும் எந்தத் தீங்கும் செய்வதில்லை. இந்த ஈடுசெய்யும் திறனைக் கையிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்பது சாதாரண நாளில் எடுத்த இசிஜியில் தெரியாது. அது கரையும்போதுதான் தெரியும்.

உங்கள் தாயாருக்கு அது எப்படிக் கரைந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஹைட்ரோகுளோரோதையசைடு சிறுநீரில் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றும். பான்டோப்ரசோல் போன்ற அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளை மாதக்கணக்கில் எடுத்தால், சிலருக்குக் குடல் மெக்னீசியத்தைச் சரியாக உறிஞ்சாமல் போகும். டோம்பெரிடோன் ஹெர்க் வாயிலை நேரடியாக அடைக்கும் மருந்து. ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல் இதைப் பெரியவர்களுக்கு 10 மி.கி. வீதம் நாளுக்கு அதிகபட்சம் மூன்று முறை, அதுவும் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று கட்டுப்படுத்தியது. நம் ஊரில் 30 மி.கி. மெல்லக் கரையும் வடிவில் பான்டோப்ரசோலுடன் சேர்த்து, காலையில் வெறும் வயிற்றில் ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களைத் தெருவுக்கு ஒருவராகப் பார்க்கலாம். இந்த நிலையில்தான் கிளாரித்ரோமைசின் வந்து சேர்ந்தது. அதுவும் ஹெர்க் வாயிலை அடைக்கும். அதைவிட முக்கியமாக, டோம்பெரிடோனைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 என்ற கல்லீரல் நொதியை முடக்கும். ஆகவே கேப்ஸ்யூலின் அளவைக் கூட்டாமலேயே இரத்தத்தில் டோம்பெரிடோனின் அளவு கூடியிருக்கும். கடைசியாக வாந்தி, இருந்த கொஞ்சப் பொட்டாசியத்தையும் இறக்கிவிட்டது. பெண்களின் க்யூடி இயல்பிலேயே ஆண்களுடையதைவிடச் சற்று நீளம். மருந்தால் டோர்சாட் வருபவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். வயதும் அதோடு சேர்கிறது.

மருந்தைச் சிதைக்கும் நொதியை இன்னொரு மருந்து முடக்குவதால் விளையும் கேட்டை மருத்துவ உலகம் தெளிவாக உணர்ந்தது 1990-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு நோயாளியின் விவரத்திலிருந்துதான். 39 வயதுப் பெண் ஒருவர் ஒவ்வாமைக்காக டெர்ஃபெனடைன் என்ற மாத்திரையை வழக்கமான அளவில் எடுத்துக்கொண்டிருந்தார். இடையில் பூஞ்சைத் தொற்றுக்காகக் கீட்டோகோனசோலைத் தாமாகவே சேர்த்துக்கொண்டார். அடுத்த சில நாட்களில் மயங்கி விழத் தொடங்கினார். க்யூடிசி, அதாவது இதய வேகத்துக்கு ஏற்பத் திருத்திய க்யூடி, 655 வரை நீண்டிருந்தது. டெர்ஃபெனடைன் வழக்கமாகக் கல்லீரலைக் கடக்கும்போதே ஏறக்குறைய முழுவதும் வேறொரு பொருளாக மாறிவிடும். ஹெர்க் வாயிலை அடைப்பது மாறாமல் எஞ்சும் பகுதி. கீட்டோகோனசோல் அந்த மாற்றத்தைத் தடுத்ததால் மாறாத மருந்து இதயத்தை எட்டியது. 1998-இல் டெர்ஃபெனடைன் அங்கே சந்தையிலிருந்து போனது. அது மாறிக் கிடைக்கும் அந்தப் பொருளே ஃபெக்ஸோஃபெனடைன் என்ற பெயரில் இன்று எல்லா மருந்துக் கடையிலும் விற்கிறது, இதயத்தைத் தொடாமல். உங்கள் தாயாருக்கு நடந்ததும் அச்சு அசலாக இதே வகை.

இத்தனை விதமான மருந்துகள், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை, ஏன் அந்த ஒரே வாயிலில் போய்ச் சிக்கவேண்டும் என்று கேட்கலாம். ஹெர்க் புரதத்தின் உள்ளறை மற்றப் பொட்டாசிய வாயில்களைவிட விசாலமானது. அதன் சுவரில் மருந்து மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ள வாகான இரண்டு அமினோ அமிலங்கள் இருக்கின்றன. நுண்ணுயிர்க் கொல்லி, மனநல மருந்து, மலேரியா மருந்து, வாந்தி மருந்து என்று வகை எதுவானாலும், அந்த அறைக்குள் நுழைந்து பொருந்துமானால் அடைத்துவிடும். இதனால்தான் இன்று புதிய மருந்து எதுவானாலும் ஹெர்க் சோதனையைக் கடந்தே வரவேண்டியிருக்கிறது.

பொட்டாசியத்தைப் பற்றிப் படித்தவர்களுக்கே ஒரு குழப்பம் வரும். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் அணுவின் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு கூடுகிறது. எனவே அது இன்னும் வேகமாக வெளியேற வேண்டும், க்யூடி குறுக வேண்டும் அல்லவா? நடப்பது நேர்மாறு. வெளியே பொட்டாசியம் குறைந்தால் ஹெர்க் வாயில் விரைவாகச் செயலிழந்து கடத்துவதைக் குறைத்துக்கொள்கிறது. போதாததற்கு, அந்நிலையில் சில மருந்துகள் அதை இன்னும் இறுக்கமாக அடைக்கின்றன. 2.8 என்ற அளவில் தாயாரின் கையிருப்பில் பாதி மருந்து தொடுவதற்கு முன்பே போயிருக்கக்கூடும். மெக்னீசியத்தின் கதை வேறு. உடலில் உள்ள மெக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இரத்த நீரில் இருக்கிறது. ஆகவே சோதனைச் சாலை அறிக்கை இயல்பு என்று சொன்னாலும் உடலில் குறைவு இருக்கலாம். மெக்னீசியம் குறைந்திருந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்காது; எவ்வளவு ஏற்றினாலும் ஓடிவிடும். பொட்டாசியம் ஏறவே மாட்டேன் என்கிறது என்று வார்டில் திணறும்போதெல்லாம் முதலில் பார்க்க வேண்டியது மெக்னீசியத்தைத்தான். கால்சியம் குறைந்தாலும் க்யூடி நீளும், ஆனால் டோர்சாட் வருவது அரிது.

மயக்கம் வந்த அந்த நிமிடங்களில் நடந்தது இது. தசையணு பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமானதால், கால்சியத்தை உள்ளே விடும் வாயில்கள் மீண்டும் திறக்க அவகாசம் கிடைத்து, துடிப்பு முடியும் முன்பே இன்னொரு சிறு ஏற்றம் எழுகிறது. அதிலிருந்து அகாலத் துடிப்பு ஒன்று கிளம்பும். அதன் பின் ஓர் இடைநிறுத்தம். இடைநிறுத்தத்துக்குப் பின் வரும் துடிப்பின் க்யூடி இன்னும் நீளம். அதன் டி அலையின் மேல் அடுத்த அகாலத் துடிப்பு விழும்போது கீழறை நிமிடத்துக்கு 200, 250 என்று ஓடத் தொடங்கும். இசிஜியில் அலைகளின் முனைகள் ஒரு கோட்டைச் சுற்றி மேலும் கீழுமாக முறுக்கிக்கொண்டு போவதாகத் தெரியும். 1966-இல் பாரிஸ் மருத்துவர் டெஸர்டேன் இதை விவரித்து டோர்சாட் என்று பெயரிட்டார். அந்த வேகத்தில் இதயம் இரத்தத்தை அனுப்புவதில்லை. சில விநாடிகளில் மயக்கம், சிலருக்குக் கைகால் வெட்டும். பெரும்பாலும் தானாக நின்றுவிடும்; நிற்காமல் கீழறை நடுக்கமாக மாறினால்தான் உயிர் போகிறது. தானாக நிற்பதாலேயே இதை வலிப்பு என்று எழுதி, வலிப்பு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு. முன்னறிவிப்பின்றி விழுந்து, வெளிறி, ஒரு நிமிடத்துக்குள் தெளிவாக எழுந்து பேசினால் இதயத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

537 என்ற எண்ணை எப்படி எடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; இதில் தவறு நிறைய நடக்கிறது. க்யூடி இதய வேகத்தோடு மாறும் என்பதால் அதைத் திருத்திப் படிக்கிறோம். 1920-இல் பாஸெட் தந்த சூத்திரம் இன்றும் வழக்கில் உள்ளது:

QTc = QT / √RR

ஆர்ஆர் என்பது இரு துடிப்புகளுக்கு இடையேயான நேரம், விநாடியில். எடுத்துக்காட்டாக, நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஆர்ஆர் 0.8, அதன் வர்க்கமூலம் 0.894. அளந்த க்யூடி 480 மில்லி விநாடி என்றால் 480-ஐ 0.894-ஆல் வகுக்க 537 வருகிறது. ஆண்களுக்கு 450-க்கும் பெண்களுக்கு 460-க்கும் மேல் நீளம் என்பார்கள். 500-ஐத் தாண்டினால் அபாயம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இதயம் வேகமாக ஓடும்போது பாஸெட் சூத்திரம் இல்லாத நீளத்தைக் காட்டும். காய்ச்சலில் 100 துடிப்போடு வருபவருக்கு க்யூடி 360 என்றால் பாஸெட் 465 என்று சொல்லும். கனமூலத்தால் வகுக்கும் ஃப்ரிடெரிசியா முறை 427 என்றே சொல்லும். இயந்திரம் அச்சிடும் எண்ணை அப்படியே நம்பி வீணாகப் பயந்தவர்களும் உண்டு. டி அலைக்குப் பின் வரும் சிறிய யு அலையை டி அலையோடு சேர்த்து அளந்து பயந்தவர்களும் உண்டு.

ஐசியூவில் மெக்னீசியம் சல்ஃபேட் ஏற்றியது சரியான முதல் மருந்து. வழக்கமாக 2 கிராம், சில நிமிடங்களில். இரத்த அளவு இயல்பாக இருந்தாலும் கொடுக்கிறோம். அது க்யூடியைக் குறுக்குவதில்லை, கால்சியம் நுழைவைத் தணித்து அந்த அகாலத் துடிப்புகளை அடக்குகிறது. இதனோடு பொட்டாசியத்தை 4.5 முதல் 5 வரை உயர்த்துவது, குற்றவாளி மருந்துகளை நிறுத்துவது. இடைநிறுத்தங்கள் தொடர்ந்தால் தற்காலிக பேஸ்மேக்கரால் இதயத்தை நிமிடத்துக்கு 90-க்கு மேல் ஓட்டி, இடைநிறுத்தமே வராமல் செய்வது. நாடி போய்விட்டால் மின்னதிர்ச்சி. இந்த இடத்தில் பழக்கத்தால், மற்றத் துடிப்புக் கோளாறுகளுக்குத் தரும் அமியோடரோனை எடுத்துவிடக் கூடாது. க்யூடியை அதுவும் நீட்டும்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. உங்கள் தாயாருக்கு நேர்ந்ததில் எந்த மருந்தின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. க்யூடியை நீட்டுவதும் டோர்சாட் வருவதும் ஒரே அளவில் போவதில்லை: அமியோடரோன் க்யூடியை நன்றாகவே நீட்டும், ஆனால் டோர்சாட் அரிது, துடிப்புக் கோளாறுக்கே தரும் இன்னொரு மருந்தான சோட்டலால் அப்படியல்ல. கிளாரித்ரோமைசின் வகையைச் சேர்ந்த அசித்ரோமைசினைப் பற்றிய சர்ச்சையும் இத்தகையதே. 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அமாக்சிசிலினோடு ஒப்பிட்டால் பத்து லட்சம் சிகிச்சைகளுக்கு 47 இதயச் சாவுகள் கூடுதல் என்றது. இதய அபாயம் மிகுந்த பிரிவினரில் அது 245. அடுத்த ஆண்டு டென்மார்க்கில் 64 வயதுக்கு உட்பட்டோரைப் பார்த்த ஆய்வில் அந்தக் கூடுதல் தென்படவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், கையிருப்பு உள்ளவருக்கு ஏதும் ஆவதில்லை, இல்லாதவருக்கு ஆகலாம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அது என் கணிப்பு, நிரூபணம் அல்ல.

பரம்பரைக்கு வருவோம். பிறவி நீள் க்யூடி சுமார் 2000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. மெதுவாகத் திறக்கும் வாயில் பழுதானால் முதல் வகை. அவர்கள் ஓடும்போதும், குறிப்பாக நீந்தும்போதும் மயங்குவார்கள். ஹெர்க் வாயிலே பழுதானால் இரண்டாம் வகை. தூக்கத்தில் அலாரமோ தொலைபேசியோ திடீரென்று ஒலித்தால் விழுவார்கள். சோடியம் வாயில் சரியாக மூடாமல் கசிந்தால் மூன்றாம் வகை. ஓய்விலும் உறக்கத்திலும் வரும். மூன்றும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து பாதிக்குப் பாதி வாய்ப்பில் பிள்ளைக்குப் போகக்கூடியவை. இவற்றைத் தவிர, பிறவிச் செவிட்டுத்தன்மையோடு வரும் வடிவம் ஒன்று உண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் தோன்றும். 1957-இல் நார்வேயில் யெர்வெல், லாங்கெ-நீல்சன் என்ற இருவர் இதை விவரித்தனர். ஆனால் 1856-லேயே லைப்சிக் நகரின் மைஸ்னர், பள்ளியில் எல்லார் முன்னிலையிலும் கண்டிக்கப்பட்டபோது விழுந்து இறந்த செவிட்டுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதியிருக்கிறார். அவள் உடன்பிறந்தார் இருவரும் முன்பே அப்படித் திடீரென்று போயிருந்தனர். மாமன் மகள், அத்தை மகன் திருமணம் வழக்கிலுள்ள நம் குடும்பங்களில், காது கேளாத குழந்தைக்கு இசிஜி ஒன்று எடுத்துவைப்பது நல்லது.

மருந்தால் டோர்சாட் வந்தவர்களில் எத்தனை பேருக்கு இத்தகைய மரபணு மாற்றம் மறைந்திருக்கிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. பத்தில் ஒருவர் என்றும், மூவரில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு என்றும் வருகிறது. தாயாரின் விஷயத்தில் தூண்டிகள் இவ்வளவு குவிந்திருப்பதால் வாய்ப்பு கீழ்ப்பக்கமே என்று நினைக்கிறேன். பொட்டாசியம் இயல்பாக இருக்க, ஒரே மாத்திரையில் ஓர் இளவயதினர் விழுந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

செய்ய வேண்டியது, மரபணுச் சோதனைக்கு முன்னால், தாயாருக்கு மீண்டும் இசிஜி. அந்த மருந்துகள் உடலை விட்டு நீங்கி, பொட்டாசியமும் மெக்னீசியமும் இயல்பான பிறகு ஒன்று, சில வாரம் கழித்து இன்னொன்று. இரண்டிலும் க்யூடிசி 480-ஐத் தாண்டி நின்றால் பிறவி நோயைக் கருதியே ஆகவேண்டும். அப்போது மரபணுச் சோதனை முதலில் தாயாருக்கே, குழந்தைக்கு அல்ல. அவரிடம் மாற்றம் கண்டால்தான் உங்களிடம் அதைத் தேடுவதில் பொருள் உண்டு. 460-க்கும் 480-க்கும் இடையில் இருந்தால் அது தெளிவற்ற பகுதி; படுத்திருந்து சட்டென்று எழுந்து நிற்கும்போதும் டிரெட்மில்லிலும் க்யூடி எப்படி மாறுகிறது என்று பார்ப்பார்கள். இயல்பாகிவிட்டால் மரபணுச் சோதனைக்கு நான் அவசரப்பட மாட்டேன். அதில் பொருள் விளங்காத மாற்றங்கள் வந்து குடும்பமே ஆண்டுக்கணக்கில் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கும் மகளுக்கும் இப்போது ஆளுக்கொரு இசிஜி போதும். அதைக் கணினி எண்ணை மட்டும் பார்க்காமல் கையால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் இசிஜி சரியாக இருப்பதே முழு விடுதலை அல்ல, மாற்றம் உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு க்யூடி இயல்பாகவே இருக்கும். அதனால் தாயார் வழி உறவினரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: நாற்பதுக்கு முன் காரணம் தெரியாமல் இறந்தவர், நீச்சல் தெரிந்தும் கிணற்றில் மூழ்கியவர், ஓடும்போதோ பயந்தபோதோ விழுந்த குழந்தை, மாத்திரைக்கு அடங்காத வலிப்பு என்று யாராவது உண்டா என்று. அப்படி ஒருவர் இருந்தால், இசிஜி எப்படியிருந்தாலும் இதய மின்னியல் மருத்துவரைப் பாருங்கள். பிறவி நோய் உறுதியானால் ப்ரோப்ரனலால், நாடலால் போன்ற பீட்டா தடுப்பிகள் நல்ல பலன் தருகின்றன, முதல் வகையில் மிகவும்.

தாயாருக்கு டோம்பெரிடோனும் கிளாரித்ரோமைசினும் இனி வேண்டாம். பிரஷர் மாத்திரையில் உள்ள தையசைடை மாற்ற முடியுமா, பான்டோப்ரசோல் தொடர வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். தாமாக நிறுத்த வேண்டாம். அடுத்த முறை வாந்தி என்று தெருமுனை கிளினிக்குக்குப் போனால் முதலில் போடப்படும் ஊசி ஆன்டன்செட்ரான். அதுவும் அதே ஹெர்க் வாயிலைத்தான் அடைக்கும். லீவோஃப்ளாக்சசின், ஃப்ளூகோனசோல், எஸ்சிடலோபிராம், ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகியவையும் அப்படியே. தொற்றுக்கு அமாக்சிசிலினோ டாக்சிசைக்ளினோ இந்தத் தொல்லை இல்லாதவை. crediblemeds.org என்ற தளத்தில் மருந்துகளை அறிந்த அபாயம், சாத்தியமான அபாயம், சூழலைப் பொறுத்த அபாயம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கிளாரித்ரோமைசினும் டோம்பெரிடோனும் முதல் பிரிவில், பான்டோப்ரசோலும் ஹைட்ரோகுளோரோதையசைடும் மூன்றாம் பிரிவில் இருக்கும். புதிதாக எந்தச் சீட்டு வந்தாலும் அதில் ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் உள்ள டோர்சாட் இசிஜியின் நகலையும் சீட்டுகளோடு சேர்த்து வையுங்கள். இசிஜி இயல்பான பின் வேறு மருத்துவரிடம் போகும்போது, மயக்கத்தின் காரணத்துக்கு அந்த ஒரு தாள்தான் சான்று.